மனநல விழிப்புணர்வு வாரத் தொடக்க உரை: துறைத் தலைவரும் ஏற்பாட்டுக் குழுவும் கேட்கும் கேள்விகள்

அக்டோபர் 10 உலக மனநல நாள். அதையொட்டி மருத்துவக் கல்லூரிகளில் ஒரு வாரம் நிகழ்ச்சி நடக்கும், முதல் நாள் மனநல மருத்துவத் துறைத் தலைவர் பேசுவார். மலேசியாவில் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கும் கல்லூரி என்றால் மண்டபத்தில் மாணவர்கள் மட்டும் இருக்க மாட்டார்கள். பின்வரிசையில் தோட்டத்துக் குடும்பங்களும் ஆலயக் குழுவினரும் தாதியரும் உட்கார்ந்திருப்பார்கள். அந்த உரையைத் தயாரிப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே உள்ளன.

பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். அது போதுமா?

போதும். நிதானமாகப் பேசுகிறவர் தமிழில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 90 சொல் பேசுவார். ஆக, 900 சொல்லுக்கு மேல் எழுத வேண்டாம். எழுதியதைக் கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஒரு முறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். கண்ணால் படிக்கும்போது பத்து நிமிடமாகத் தெரிவது மேடையில் பதினான்காகிவிடும். நேரத்தை அதிகம் தின்பது விளிப்புரைதான். மாண்புமிகு, டத்தோ, பேராசிரியர் என்று பட்டியல் போட்டால் இரண்டு நிமிடம் போய்விடும். மூத்த விருந்தினர் ஒருவர் பெயரை மட்டும் சொல்லிவிட்டு, மற்றவர்களை ஒரே வாக்கியத்தில் அழைத்துவிடுங்கள். நெறியாளர் ஏற்கெனவே அத்தனை பெயரையும் வாசித்திருப்பார்.

மொழியும் நேரத்தைச் சார்ந்ததுதான். ஆங்கிலத்திலோ மலாயிலோ ஏழு நிமிடம், தமிழில் மூன்று நிமிடம் என்று பிரித்துக்கொள்ளலாம். சொன்னதையே மூன்று மொழியில் திரும்பச் சொல்ல வேண்டாம். தமிழ்ப் பகுதி பெற்றோருக்கும் ஊர்க்காரர்களுக்கும் உரியது, அவர்களுக்கு வேண்டியதை மட்டும் அதில் வையுங்கள்.

உரையில் எதை முதன்மையாகச் சொல்ல வேண்டும்? மனச்சோர்வின் அறிகுறிகளையா?

அறிகுறிகளை இரண்டாம் ஆண்டு மாணவரே ஒப்பித்துவிடுவார். தூக்கம், பசி, ஈடுபாடு, கவனம், குற்றவுணர்வு எல்லாம் அவருக்கு மனப்பாடம். அவரைச் சிகிச்சைக்குப் போகவிடாமல் தடுப்பது அறியாமையில்லை. “போனால் என் படிப்பு என்ன ஆகும்? யாருக்கெல்லாம் தெரியும்?” என்ற பயம்தான் தடுக்கிறது. அந்தப் பயத்துக்கு நேரடியாகப் பதில் சொல்லக்கூடிய அதிகாரம் உள்ளவர் துறைத் தலைவர். கவுன்சலர் சொன்னால் ஆறுதல் என்று எடுத்துக்கொள்வார்கள், துறைத் தலைவர் சொன்னால் அதை ஏற்பாடு என்று எடுத்துக்கொள்வார்கள்.

மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி என்று வைத்துக்கொள்வோம். ஆறு வாரமாக விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது, படித்தது எதுவும் ஏறவில்லை, வார்டில் நோயாளியிடம் பேசும்போது நெஞ்சு அடைக்கிறது. மருத்துவரைப் பார்க்கலாம் என்று முடிவெடுக்கிறாள். கல்லூரியோடு சேர்ந்த மருத்துவமனையில் மனநல கிளினிக் இருக்கிறது. அங்கே போனால் முதலில் கவுண்டரில் பெயர் கொடுக்க வேண்டும். பிறகு நடைபாதையில் பெஞ்சில் காத்திருக்க வேண்டும். அதே நடைபாதையில் அந்த வாரம் மனநலப் பிரிவில் பயிற்சிக்கு வந்திருக்கும் அவளுடைய வகுப்புத் தோழர்கள் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு நிற்பார்கள். உள்ளே மருத்துவர் கூப்பிடும்போது, “மாணவர்கள் இருக்கலாமா?” என்று கேட்பார். அந்த மருத்துவரே அடுத்த மாதம் அவளுடைய தேர்வில் எதிரே உட்காரப்போகிறவராகவும் இருக்கலாம். பதிவேடு கணினியில் இருந்தால், அதைத் திறக்கும் உரிமை யார் யாருக்கு இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியாது.

அவள் கவுண்டர் வரை வந்து திரும்பிப் போவது அங்கேதான். பத்து நிமிட உரையின் நடுப்பகுதியை, குறைந்தது நான்கு நிமிடத்தை, இந்த வழியில் அவள் எங்கெங்கே தடுக்கி நிற்கிறாள், கல்லூரி அங்கெல்லாம் என்ன மாற்றியிருக்கிறது என்று சொல்லச் செலவிடுங்கள். எதையும் மாற்றவில்லை என்றால், முதலில் மாற்றிவிட்டு அப்புறம் உரை எழுதுங்கள்.

மாற்றுவது என்றால் எதை? உரைக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது.

மூன்று வாரத்தில் முடியக்கூடியவை நான்கு. முதலாவது, மாணவர்களுக்கான கிளினிக் நேரத்தைப் பிரிப்பது. வாரத்தில் ஓர் அரை நாள், பயிற்சி மாணவர்கள் அந்தக் கட்டடத்திலேயே இல்லாத நேரமாக, மாலை நான்கு மணிக்கு மேல் வைத்தால் பெஞ்சுப் பிரச்சினை தீர்ந்துவிடும். இரண்டாவது, சிகிச்சை தருகிறவர் அந்த மாணவருக்கு மதிப்பெண் போடக்கூடாது என்று துறைக்குள் எழுத்தில் வைப்பது. சிறிய துறையில் நான்கைந்து பேர்தான் இருப்பார்கள், எல்லோரும் பாடம் நடத்துவார்கள். அப்படியானால் ஒருவரை அந்த ஆண்டு முழுவதும் தேர்விலிருந்து விலக்கி வையுங்கள். அதற்கும் ஆள் இல்லை என்றால், பக்கத்துப் பட்டணத்து அரசாங்க மருத்துவமனையோடு பேசி, மாணவர்களை அங்கே அனுப்ப ஏற்பாடு செய்யுங்கள்.

மூன்றாவது, பதிவேடு. மருத்துவமனைக் கணினியில் மனநலக் குறிப்புகளைத் திறக்கும் உரிமை யாருக்கு என்பதைத் தகவல் தொழில்நுட்பப் பிரிவிடம் கேட்டு, பட்டியலை வாங்கிப் பாருங்கள். பயிற்சி மாணவர் கணக்குகளுக்கு அந்தக் குறிப்புகள் தெரிகிற வழக்கம் சில இடங்களில் யாரும் கவனிக்காமல் தொடர்கிறது. தனியார் கல்லூரிக்கு இதில் சட்டக் கடமையும் இருக்கிறது: 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒருவரின் உடல்நல, மனநல விவரங்களைக் கூடுதல் பாதுகாப்பு தேவைப்படும் தரவாக வகைப்படுத்துகிறது.

நான்காவது, விடுப்புக் கடிதம். மருத்துவ விடுப்பில் “மனநல மருத்துவத் துறை” என்று தலைப்பு அச்சடித்த தாளைக் கொடுத்தால், அது வகுப்புத் தலைவர் கையில் போய், அங்கிருந்து புலனக் குழுவுக்குப் போய்விடும். மருத்துவமனையின் பொதுத் தாளில், நோயின் பெயர் எழுதாமல், எத்தனை நாள் என்று மட்டும் கொடுங்கள். இது சின்ன விஷயமாகத் தெரியலாம். மாணவர்கள் முதலில் கேட்பது இதைத்தான்.

“என் கதவு எப்போதும் உங்களுக்காகத் திறந்திருக்கும்” என்று துறைத் தலைவர் சொல்லலாமா?

நல்ல மனதோடு சொல்வதுதான், ஆனால் வேண்டாம். அந்தக் கதவுக்குள் இருப்பவர்தான் இறுதி ஆண்டுத் தேர்வுக் குழுவிலும் இருக்கிறார். மாணவர் காதில் அது “உங்களைத் தேர்ச்சி பெறவைப்பவரிடம் வந்து உங்கள் பலவீனத்தைச் சொல்லுங்கள்” என்றே விழும். வருகிற ஓரிருவருக்கும் நல்லது நடக்காது, ஏனென்றால் அவர்களிடம் கேட்டதை மதிப்பெண் போடும்போது மறக்கச் சொல்லி யாராலும் மனதுக்குக் கட்டளை போட முடியாது. நேர்மையான வாக்கியம் வேறு: “நான் உங்களுக்குத் தேர்வாளர். அதனால் உங்கள் சிகிச்சையை நான் பார்க்க மாட்டேன், யார் சிகிச்சையில் இருக்கிறார்கள் என்று கேட்கவும் மாட்டேன்.” கேட்கும்போது இது கொஞ்சம் கடுமையாகத் தெரியும். ஆனால் மண்டபத்தில் பலருக்கு நெஞ்சுப் பாரம் இறங்குவது இந்த இடத்தில்தான்.

“யாருக்கும் தெரியவராது” என்று உறுதி கொடுத்துவிடலாம் அல்லவா?

முழு உறுதி கொடுத்தால் பிறகு அதை மீற வேண்டிவரும். அப்படி மீறப்பட்டதை ஒரு மாணவர் பார்த்துவிட்டால், மொத்த வகுப்பும் அடுத்த ஐந்து ஆண்டுக்கு அந்தப் பக்கம் வராது. விதிவிலக்குகள் சிலவே: மாணவரின் உயிருக்கு உடனடி ஆபத்து, மற்றவருக்கு அவரால் ஆபத்து, நீதிமன்ற ஆணை. நோயாளிகளின் பாதுகாப்புக்கு ஆபத்து வருவதும் இரண்டாவதில் அடங்கும். போதையோடு வார்டுக்கு வருவது, கட்டுப்பாடு இழந்த நிலையில் ஊசி போடுவது போன்றவை அதற்கு எடுத்துக்காட்டு. விதிவிலக்கை முன்கூட்டியே சொன்னால் பயம் கூடிவிடும் என்று குழுவில் யாராவது சொல்வார்கள். எல்லை எங்கே என்று தெரியாதபோதுதான் பயம் கூடும்.

உரையில் அப்படியே பயன்படுத்தக்கூடிய ஒரு பத்தி, ஒரு நிமிடத்துக்குள் முடியும்:

“நீங்கள் கிளினிக்குக்கு வந்தால், வந்த செய்தி டீன் அலுவலகத்துக்கோ தேர்வுக் குழுவுக்கோ உங்கள் பெற்றோருக்கோ போகாது. உங்கள் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து என்று மருத்துவர் கருதினால் மட்டும், உங்களைக் காப்பாற்றத் தேவையான ஆட்களிடம், தேவையான அளவு மட்டும் சொல்வார். அப்போதும் முதலில் உங்களிடம் சொல்லிவிட்டுத்தான் செய்வார். நீதிமன்றம் கேட்டால் மறுக்க முடியாது. இதற்கு வெளியே எதுவும் போகாது. போனதாக உங்களுக்குத் தெரிந்தால், யாரிடம் புகார் செய்வது என்பதும் அந்தத் தாளில் இருக்கிறது.”

“அந்தத் தாள்” என்பது இந்த விதிகளை அச்சடித்த தாள், அது உண்மையிலேயே நாற்காலிகளில் வைக்கப்பட்டிருக்க வேண்டும்.

மருத்துவ மன்றத்தில் பதிவு செய்யும்போது மறுத்துவிடுவார்களா? எல்லா ஆண்டும் இந்தக் கேள்வி வருகிறது.

வரத்தான் செய்யும். சீனியர்கள் சொல்லிச் சொல்லி அது ஒரு கதையாகவே ஆகிவிட்டது. 1971-ஆம் ஆண்டின் மருத்துவச் சட்டத்தின் கீழ் பதிவு நடக்கிறது, மன்றம் பார்ப்பது ஒருவர் பாதுகாப்பாகத் தொழில் செய்யத் தகுதியோடு இருக்கிறாரா என்பதை. மனச்சோர்வுக்கு மாத்திரை எடுத்து நலமாகி வார்டில் வேலை பார்க்கிறவரும், சிகிச்சையே இல்லாமல் தூக்கமின்றி மருந்து அளவைத் தவறாக எழுதுகிறவரும் அந்தக் கண்ணில் ஒன்றல்ல. ஆபத்து இருப்பது இரண்டாமவரிடம்.

துறைத் தலைவர் மேடையில் பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகாமல், உரைக்கு முன்பே நடப்பு விண்ணப்பப் படிவத்தைக் கையில் வாங்கி, உடல்நலம் பற்றி அதில் என்ன கேட்டிருக்கிறது என்று வார்த்தைக்கு வார்த்தை படித்து, அந்தக் கேள்விக்கு எப்படி நேர்மையாகப் பதில் எழுதுவது என்று காட்ட வேண்டும். படிவங்கள் மாறும், அதனால் போன ஆண்டு உரையிலிருந்து வெட்டி ஒட்டாதீர்கள். பொய் எழுதலாம் என்ற தொனி எந்த இடத்திலும் வரக்கூடாது. நோயைவிட மறைத்தது கண்டுபிடிக்கப்படுவதுதான் ஒருவரின் பதிவுக்குப் பெரிய சிக்கல்.

புள்ளிவிவரம் போட்டால் உரைக்குக் கனம் வரும். எதைப் போடலாம்?

ஒன்று போதும். 2016-இல் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில் வந்த தொகுப்பாய்வு 47 நாடுகளின் மருத்துவ மாணவர்களைப் பார்த்தது. மனச்சோர்வோ அதன் அறிகுறிகளோ இருந்தவர்கள் 27.2 விழுக்காடு. அவர்களில் சிகிச்சையை நாடியவர்கள் 15.7 விழுக்காடு. 120 பேர் கொண்ட வகுப்புக்கு இதைப் பொருத்தினால் ஏறக்குறைய 33 பேருக்கு அறிகுறி இருக்கும், அவர்களில் 5 பேர்தான் சிகிச்சைக்குப் போயிருப்பார்கள்.

இரண்டு இடத்தில் தவறு நடக்கும். “நம் மாணவர்களில் 27 விழுக்காட்டினர் மனச்சோர்வு நோயாளிகள்” என்று சொல்லிவிடுவார்கள். அந்த ஆய்வில் பெரும்பாலானவை மாணவர்கள் தாங்களே நிரப்பிய கேள்வித்தாள்கள், அவற்றில் மதிப்பெண் கூடியிருப்பது நோய் உறுதியானதற்குச் சமம் ஆகாது. மனச்சோர்வை அளக்கும் ஒன்பது கேள்விகள் கொண்ட பி.எச்.கியூ. தாளில் 10 அல்லது அதற்கு மேல் வந்தால், மருத்துவர் உட்கார்ந்து பேசிப் பார்க்க வேண்டும் என்றுதான் பொருள். எந்த அளவுகோலால் அளந்தார்கள் என்பதைப் பொறுத்து எண்ணும் 9.3 விழுக்காட்டிலிருந்து 55.9 வரை போகிறது. ஆகவே உங்கள் கல்லூரிக்கு அந்த எண் பொருந்தும் என்று அடித்துச் சொல்ல முடியாது.

இரண்டாவது தவறு நுட்பமானது. “5 பேர்தான் போனார்கள்” என்று வருத்தத்தோடு சொன்னால், போகாமல் இருப்பதே வழக்கம் என்று காதில் விழும். மனிதர் பெரும்பான்மையோடு சேர்ந்துகொள்வார். அதனால் வரிசையை மாற்றிச் சொல்லுங்கள்: அறிகுறி இருப்பது அரிதல்ல, சிகிச்சைக்குப் போனவர்கள் உங்கள் வரிசையிலேயே இருக்கிறார்கள், போவதற்கு வழி இது. எண்ணைச் சொல்லிவிட்டு நிறுத்தாதீர்கள், அடுத்த வாக்கியத்திலேயே வழி வந்துவிட வேண்டும்.

கல்லூரியில் ஒரு மாணவர் தற்கொலையால் இறந்திருந்தால் அதை உரையில் குறிப்பிடலாமா? தற்கொலை என்ற சொல்லையே தவிர்த்துவிட்டால் என்ன?

சொல்லைத் தவிர்க்க வேண்டாம். நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை என்று ஆய்வுகள் காட்டுகின்றன. சுற்றி வளைத்துப் பேசினால், அந்த எண்ணத்தோடு உட்கார்ந்திருப்பவருக்கு “இதை இங்கே பேசக்கூடாது” என்றுதான் தோன்றும்.

ஆனால் எப்படிப் பேசுகிறோம் என்பதில் உயிரே இருக்கிறது. ஆஸ்திரியாவின் வியன்னா நகரில் 1987-இல் பத்திரிகைகள் சுரங்க ரயில் தற்கொலைகளைப் பற்றி எழுதும் முறையை மாற்றிக்கொண்ட பிறகு அந்த இறப்புகள் வெகுவாகக் குறைந்தன. உலகச் சுகாதார நிறுவனம் ஊடகங்களுக்குத் தந்திருக்கும் வழிகாட்டி மேடைக்கும் பொருந்தும். இறந்தவர் பெயரும் படமும் வேண்டாம். எந்த இடம், எந்த முறை, கடிதத்தில் என்ன இருந்தது என்பது எதுவும் வேண்டாம். தோட்டத்து ஊரில் களைக்கொல்லி பற்றி எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது என்று நினைத்து அதன் பெயரைச் சொல்லிவிடுவார்கள். அதுவும் கூடாது. “தேர்வில் தோற்றதால்”, “காதல் தோல்வியால்” என்று ஒற்றைக் காரணம் சொல்லாதீர்கள், தேர்வில் தோற்ற இன்னொருவர் அதே மண்டபத்தில் இருப்பார். ஒரு நிமிட மௌனமும் மலரஞ்சலியும் தொடக்க விழாவில் வைக்க வேண்டாம். நெருங்கிய நண்பர்களுக்கு அது தனியாக, சிறு குழுவில், கவுன்சலரோடு நடக்க வேண்டியது. தொடக்க உரையில் ஒரு வாக்கியம் போதும்: “சென்ற ஆண்டு நம்மில் ஒருவரை இழந்தோம், அந்த வலி உங்களில் பலருக்கு இன்னும் இருக்கிறது, அதைப் பற்றிப் பேச இந்த வாரம் முழுவதும் ஆள் இருக்கிறார்கள்.” அந்தக் குடும்பத்திடம் உரைக்கு முன்பே சொல்லி ஒப்புதல் பெற்றுக்கொள்ளுங்கள்.

தமிழ்ப் பகுதியில் சொற்கள் இடறுகின்றன. எதைச் சொல்லலாம், எதை விடலாம்?

ஆங்கில வழிகாட்டியைப் பார்த்து மொழிபெயர்த்தால் தமிழுக்கே உரிய சிக்கல் கண்ணில் படாது. நம்மிடம் அலங்காரச் சொற்கள் அதிகம். “உயிரை மாய்த்துக்கொண்டார்”, “உயிர் துறந்தார்” என்பவை இறப்புக்கு ஒரு கம்பீரத்தைக் கொடுத்துவிடுகின்றன. “தற்கொலையால் இறந்தார்” என்பது சாதாரணமான சொல், அதுவே போதும். “முயற்சி தோல்வி அடைந்தது” என்று சொல்லவே கூடாது, உயிர் பிழைத்ததைத் தோல்வி என்றா சொல்வது? “உயிர் தப்பினார்” என்று சொல்லுங்கள்.

“மெண்டல்”, “கிறுக்கு” இரண்டையும் கண்டிப்பதற்காகக்கூட மேடையில் உச்சரிக்க வேண்டாம். கேட்பவருக்குச் சொல் நிற்கும், கண்டனம் நிற்காது. இந்த நாட்டில் இன்னொன்றும் உண்டு. ஒருவரைக் கேலி செய்ய “தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்ப வேண்டியதுதான்” என்பார்கள். அங்கே இருப்பது 1911-இல் திறக்கப்பட்ட மனநல மருத்துவமனை, இப்போது உலு கிந்தா பஹாகியா மருத்துவமனை. அந்தக் கேலியைக் கேட்டு வளர்ந்த தகப்பனுக்கு மகளை மனநல மருத்துவரிடம் அழைத்துப் போவது என்றால் பூட்டிய வார்டுதான் கண் முன் வரும். இன்று பெரும்பாலான சிகிச்சை சுகாதார கிளினிக்கிலும் பொது மருத்துவமனையின் வெளிநோயாளர் பிரிவிலும் நடந்து, அன்றே வீட்டுக்குத் திரும்பிவிடலாம் என்பதைத் தமிழில் சொல்லுங்கள்.

“மனச்சோர்வு” என்ற சொல் படித்தவர்களுக்குத் தெரியும். லயத்து வீட்டில் வளர்ந்த பாட்டிக்கு அது வெறும் களைப்பாகக் கேட்கும். அவர்கள் சொல்வது “மனசே சரியில்ல”, “நெஞ்சு பாரமா இருக்கு”, “தூக்கம் பிடிக்கல”, “எதுலயும் பிடிப்பு இல்ல”. உரையில் இந்தச் சொற்களையே வைத்து, இவை இரண்டு வாரத்துக்கு மேல் நாள்தோறும் இருந்து, வேலையோ சாப்பாடோ ஓடாமல் போனால் மருத்துவரைப் பாருங்கள் என்று சொன்னால் அவர்களுக்குப் பிடிபடும்.

பெற்றோரும் தோட்டத்து மக்களும் வருகிறார்கள். அந்த மூன்று நிமிடத்தில் அவர்களுக்கு வேறு என்ன சொல்வது?

மூன்று செய்தி. முதலில் சட்டம். தற்கொலைக்கு முயன்றால் போலீஸ் பிடிக்கும், ஓராண்டு சிறை வரை கிடைக்கும் என்று இருந்தது. தண்டனைச் சட்டத்தின் அந்த 309-ஆம் பிரிவு 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது. இது பலருக்கு இன்னும் தெரியாது. வழக்கு வரும் என்று பயந்து, மருத்துவமனையில் “தவறுதலாக நடந்துவிட்டது” என்று சொன்ன குடும்பங்கள் உண்டு. அப்படிச் சொன்னால் உடம்புக்கு மட்டும் மருந்து கிடைக்கும், மனநல மருத்துவர் வந்து பார்க்காமலே பிள்ளை வீட்டுக்குப் போய்விடும். இனி மறைக்கத் தேவையில்லை என்பதைத் துறைத் தலைவர் வாயால் கேட்பது பெரிய வித்தியாசம் செய்யும்.

இரண்டாவது, செலவும் இடமும். அரசாங்கச் சுகாதார கிளினிக்கில் குடிமக்களுக்கு மருத்துவரைப் பார்க்க 1 வெள்ளி, அரசாங்க நிபுணத்துவ கிளினிக்கில் 5 வெள்ளி. முதலில் கிளினிக்குக்குப் போய் மேலே சொன்ன சொற்களில் சொன்னாலே போதும், வேண்டுமென்றால் அவர்கள் நிபுணத்துவ கிளினிக்குக்குக் கடிதம் தருவார்கள்.

மூன்றாவது, மாத்திரை. மனச்சோர்வு மாத்திரை வேலை செய்ய இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும், சிலருக்கு ஆறு வாரம்கூட. ஆனால் குமட்டல், வயிற்றுக் கலக்கம் போன்ற தொந்தரவு முதல் வாரத்திலேயே வந்துவிடும். கெடுதல் முதலில் வருகிறது, பலன் பின்னால் வருகிறது. இதை யாரும் சொல்லாததால் பத்தாம் நாள் அம்மாவே “இந்த மாத்திரை ஒத்துக்கல, போடாதே” என்று நிறுத்திவிடுவார். நலமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும், நிறுத்தும்போது மருத்துவர் சொல்படி மெல்லக் குறைக்க வேண்டும். முதல் சில வாரங்களில், அதுவும் இளவயதினருக்கு, படபடப்போ தற்கொலை எண்ணமோ கூடினால் அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

கோயிலுக்குப் போவதையோ மந்திரிப்பதையோ மேடையில் தாக்காதீர்கள். சாமி கும்பிடுவதால் மாத்திரைக்கு எந்த இடைஞ்சலும் இல்லை. இடைஞ்சல் வருவது மாத்திரையை நிறுத்தச் சொன்னால், விரதம் என்று சாப்பாட்டை வெட்டினால், அடித்தால், கட்டிவைத்தால். இந்த நான்கையும் பெயர் சொல்லிச் சொல்லுங்கள். ஆலயத் தலைவர் முன்வரிசையில் இருந்தால் அவரிடம் முன்பே பேசி, அவரையும் ஒரு வார்த்தை சொல்லவைத்தால் இன்னும் நல்லது.

தொலைபேசி எண்களை எப்படிக் கொடுப்பது?

நான்கு எண்ணுக்கு மேல் திரையில் போட வேண்டாம். மன ஆறுதலுக்குப் பேசும் பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் 03-7627 2929, சுகாதார அமைச்சின் மனநல உதவி எண்ணான ஹீல் 15555, குடும்ப, சமூக நல உதவி எண்ணான தாலியான் காசே 15999, அவசரத்துக்கு 999. உரைக்கு முந்திய நாள் ஒவ்வொன்றையும் கூப்பிட்டு, எண் சரியா, சேவை நேரம் என்ன, தமிழில் பேசக்கூடியவர் எந்த நேரத்தில் இருப்பார் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

கடைசி ஸ்லைடில் போட்டால் எல்லோரும் எழுந்துகொண்டிருப்பார்கள். உரையின் நடுவில் போட்டு, “கைப்பேசியை எடுங்கள், இரண்டாவது எண்ணைப் பதிந்துகொள்ளுங்கள்” என்று சொல்லிவிட்டு 40 விநாடி பேசாமல் நில்லுங்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் பதியும்போது யாருக்குத் தேவை என்று யாருக்கும் தெரியாது, அதுதான் பயன்.

உரை முடிந்ததும் ஒரு மாணவர் அழுதுகொண்டு வந்து நின்றால்?

வருவார்கள் என்றே வைத்து ஏற்பாடு செய்யுங்கள். மண்டப வாசலில் இரண்டு பேர், பக்கத்தில் கதவு சாத்தக்கூடிய ஓர் அறை, தண்ணீர், துடைக்கும் தாள். துறைத் தலைவர் அங்கேயே உட்கார்ந்து விசாரிக்க வேண்டாம், அறை வரை கூட்டிப்போய் அறிமுகம் செய்துவிட்டு விலகிவிட வேண்டும். அறையில் இருப்பவர் நேராகக் கேட்க வேண்டும்: “சாகணும்னு எண்ணம் வருதா?” வருகிறது என்றால் அடுத்து: எப்படி என்று யோசித்திருக்கிறாரா, அதற்கான பொருள் கையில் இருக்கிறதா, எப்போது என்று மனதில் நாள் இருக்கிறதா. இவற்றுள் ஒன்றுக்கு ஆம் என்றால் அவரைத் தனியாக விடக்கூடாது. ஒருவர் கூடவே போய் அவசரப் பிரிவில் ஒப்படைக்க வேண்டும். “நாளைக்கு வந்து பாருங்கள்” என்று சீட்டுக் கொடுத்து அனுப்பக்கூடாது. எண்ணம் மட்டும் இருக்கிறது, திட்டம் இல்லை என்றாலும், அன்றைக்கு யாரோடு தங்குவார், மறுநாள் எத்தனை மணிக்கு யாரைப் பார்ப்பார் என்று முடிவாகாமல் அறையை விட்டுப் போகவிடாதீர்கள்.

அந்த வாரம் கிளினிக்கில் கூட்டம் சேருமா?

உரை நன்றாக அமைந்தால் சேரும். அங்கேதான் பல கல்லூரிகள் சறுக்குகின்றன. மேடையில் “வாருங்கள்” என்று அழைத்துவிட்டு, கூப்பிட்ட மாணவருக்குக் கவுண்டரில் மூன்று வாரம் தள்ளித் தேதி கொடுக்கிறார்கள். ஆகவே உரை நாளிலிருந்து பதினான்கு நாளுக்கு மாணவர்களுக்கென்று குறைந்தது பத்து இடங்களைக் காலியாக ஒதுக்கி வையுங்கள், ஒவ்வொன்றும் 45 நிமிடம். கவுண்டரில் இருப்பவரிடம் உரையின் பிரதி ஒன்றையும் முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். மாணவர் முதலில் பேசப்போவது அவரிடம்தான். “எதுக்குப் பார்க்கணும்?” என்று கூட்டத்துக்கு நடுவில் சத்தமாகக் கேட்காமல், பெயரும் மாணவர் எண்ணும் மட்டும் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ள அவருக்குச் சொல்லிவையுங்கள்.